கணக்கு சரியாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை

உணவுத் துறையில் தரத் தணிக்கையாளர் சான்றிதழுக்குப் படிக்கிறவர்களிடம், பாடத்தில் எது சுலபம் என்று கேட்டுப் பாருங்கள். தடமறிதலும் திரும்பப் பெறுதலும் என்று பெரும்பாலும் பதில் வரும். "அது சும்மா கிடைக்கிற மார்க் சார்" என்பார்கள். கையில் மூன்று தாயத்துகள் வைத்திருப்பார்கள்: ஒரு படி பின்னால், ஒரு படி முன்னால்; நான்கு மணி நேரம்; நூறு சதவீதம். சரக்கு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று தெரிய வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். கணக்கு நூறு சதவீதம் ஒத்துப்போக வேண்டும். இந்த மூன்றும் விடையில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம் என்பது நம்பிக்கை.

முதல் இரண்டுக்கும் ஊர் பேர் உண்டு. ஒரு படி பின்னால், ஒரு படி முன்னால் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 எண் கொண்ட உணவுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. 2005 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நான்கு மணி நேரம் பி.ஆர்.சி.ஜி.எஸ். தரநிலையில் இருக்கிறது. மூன்றாவதற்குத்தான் அப்பன் பெயர் தெரியாது. அளவைச் சரிபார்த்துக் காட்டு என்று அந்தத் தரநிலை கேட்கிறதே தவிர, நூறு வந்தாக வேண்டும் என்று கேட்கவில்லை. தொழிற்சாலைகளே தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மாலை அது. பயிற்சி வகுப்புகள் அதை விடையாக்கிவிட்டன.

வகுப்பில் நான் கொடுக்கிற ஒரு மாதிரி வினாவைச் சொல்கிறேன். ஒரு காரவகைத் தொழிற்சாலை மாக் ரீகால் நடத்துகிறது. 200 கிலோ மிளகாய்த்தூள் கொண்ட ஒரு லாட்டை எடுத்துத் தேடுகிறார்கள். இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறார்கள். 200 கிலோவும் கணக்கில் வந்துவிட்டது; ஒரு கிராம்கூட மிச்சமில்லை, குறைவுமில்லை. தணிக்கையாளர் என்ன செய்ய வேண்டும்? அ) இணக்கம் என்று குறித்துக்கொள்ளலாம். ஆ) பெரிய இணக்கக் குறைபாடு எழுதலாம். இ) சேதாரம், மாதிரி எடுப்பு, மறுபயன்பாடு ஆகியவற்றின் பதிவேடுகளைக் கேட்கலாம். ஈ) வேறொரு லாட்டை வைத்து மறுபடி நடத்தச் சொல்லி ஆலோசனை தரலாம்.

வகுப்பில் பாதிக்கு மேல் 'அ' போடுவார்கள். புத்திசாலிகள் சிலர் ஏதோ வலை விரித்திருக்கிறார் என்று மோப்பம் பிடித்து 'ஆ' போடுவார்கள். அதுவும் தவறு. சந்தேகம் சான்று ஆகாது. சான்று இல்லாமல் குறைபாடு எழுதினால் நிறைவுக் கூட்டத்தில் தொழிற்சாலைக்காரர் உங்களைக் கிழித்துவிடுவார். 'ஈ' ஆலோசகர் வேலை, தணிக்கையாளர் வேலையில்லை. விடை 'இ'.

ஏன் என்பது மிளகாய்த்தூளைக் கையால் தொட்டவர்களுக்குத் தெரியும். மூட்டையை அவிழ்க்கும்போது பறக்கும். சாக்கின் உள்பக்கம் ஒட்டும். சலிக்கும்போது கட்டி நிற்கும். ஆய்வகத்துக்குக் கொஞ்சம் போகும். அதே 200 கிலோவை நேர்மையாகக் கணக்குப் போட்டால் எப்படியிருக்கும் என்று பார்ப்போம். 50 கிலோ மசாலாக் கலவை ஒன்றுக்கு 20 கிலோ மிளகாய்த்தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கலவை போட்டார்கள். 180 கிலோ ஆயிற்று. கிடங்கில் 17 கிலோ இருக்கிறது. 3 கிலோவைக் காணோம். அதாவது ஒன்றரை சதவீதம். இந்த 3 கிலோ எங்கே போனது என்பதற்கு ஒரு பதிவு இருந்தால், அந்தத் தொழிற்சாலை கணக்கு எழுதுகிறது. இல்லாமல் எல்லாம் சுழியில் வந்து நின்றால், கணக்கை எழுதிவிட்டுச் சரக்கை அதற்குப் பொருத்தியிருக்கிறார்கள் என்று யோசிக்க இடமிருக்கிறது.

ஆனால் இந்த 3 கிலோ விஷயத்தின் வாசல்தான். வீடு மறுபயன்பாட்டில் இருக்கிறது. தொழிற்சாலையில் ரீவொர்க் என்பார்கள்.

அந்த ஒன்பது கலவையும் சேர்ந்து 450 கிலோ மசாலா. நூறு கிலோ காரச்சேவுக்கு 5 கிலோ மசாலா என்றால் 9,000 கிலோ காரச்சேவு வரும். அதில் 90 கிலோ உடைசலும் தூளுமாக ஒதுங்கியது என்போம். மிச்சம் 8,910 கிலோ, 200 கிராம் பாக்கெட்டில் 44,550 பாக்கெட்டுகள். மாக் ரீகாலில் இந்த எண்ணைத்தான் திரையில் காட்டுவார்கள். எந்த விநியோகஸ்தருக்கு எத்தனை பெட்டி போனது என்பது வரைக்கும் அழகாக இருக்கும்.

உடைசல் 90 கிலோ என்ன ஆனது? குப்பையில் போடவில்லை. எண்ணெயில் வெந்த கடலைமாவைக் குப்பையில் போட எந்த முதலாளிக்கும் மனம் வராது, போடவும் வேண்டியதில்லை. அரைத்து, அடுத்த வாரத்து மாவில் நூற்றுக்கு இரண்டு என்று கலந்தார்கள். 90 கிலோவை இரண்டு சதவீதமாகப் பரப்பினால் 4,500 கிலோ புதிய சரக்கில் அது இருக்கிறது. அந்தச் சரக்குக்கு வேறு தேதி, வேறு லாட் எண். அதில் போட்ட மிளகாய்த்தூளும் வேறு லாட். பதிவேட்டில் 'உடைசல் மாவு, 90 கிலோ' என்று மட்டும் எழுதி, எந்த நாளின் உடைசல் என்று எழுதாமல் விட்டிருந்தால், கெட்டுப்போன மிளகாய்த்தூளின் வால் அந்த இடத்தில் அறுந்துவிடும். 9,000 கிலோவோடு முடிந்தது என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு, இன்னும் அதில் பாதியளவு சரக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடையில் தொங்கும்.

ஒரு படி பின்னால், ஒரு படி முன்னால் என்ற மந்திரம் இங்கே உதவாது. அது வாசல் கதவுக்கு வெளியே உள்ள சங்கதி: யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தாய். அந்தச் சட்டப் பிரிவு, வந்த லாட்டுக்கும் போன லாட்டுக்கும் உள்ள உட்தொடர்பைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் நீங்கள் தணிக்கை செய்யப்போவது ஐ.எஸ்.ஓ. 22000 என்றால், 2018 பதிப்பின் 8.3 பிரிவு வந்த பொருள், இடைநிலைப் பொருள், முடிந்த பொருள் ஆகியவற்றின் லாட்டுகளுக்குள்ள உறவைக் கேட்கிறது. அடுத்த வரியிலேயே மறுபயன்பாட்டைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. தரநிலையே எழுதிவைத்திருக்கிற சொல்லைத் தாண்டிக் குதித்து, அதில் இல்லாத நூறு சதவீதத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்களை என்னவென்று சொல்வது?

இதெல்லாம் தேர்வுக்கூடத்துக்கென்று புனைந்த பயம் என்று நினைப்பவர்களுக்கு 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வொர்ஸ்டர் சாஸில் சூடான் 1 என்ற சிவப்புச் சாயம் இருப்பது தெரிந்தது. உணவில் சேர்க்க அனுமதி இல்லாத சாயம் அது; மெழுகுக்கும் பாலிஷுக்கும் உரியது. இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் கலந்திருந்தது. மிளகாய்த்தூள் சாஸுக்குள் போயிருந்தது. சாஸ் அதோடு நிற்கவில்லை. பிற நிறுவனங்களின் தயார் உணவுகளிலும் இன்னும் பலவற்றிலும் ஒரு சேர்மானமாகப் போயிருந்தது. பட்டியல் நாளுக்கு நாள் நீண்டு 400 பொருட்களைத் தாண்டியது. மிளகாய்த்தூள் வாங்கியது 2002-இல். விஷயம் வெளிப்பட்டது 2005-இல். இப்படி ஒரு சேர்மானம் மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும்போது, ஒவ்வொருவரும் தன் ஒரு படியைச் சரியாகச் சொன்னாலும், எந்த உணவுக்குள் அது எவ்வளவு கலந்தது என்பதை அவரவர் தொழிற்சாலைக்குள்தான் தேடியாக வேண்டும். அந்த இடத்தைத்தான் மாக் ரீகால் பயிற்சிகள் தொடுவதில்லை.

தொடாததற்குக் காரணம் எளிது. பெரும்பாலான பயிற்சிகள் முடிந்த பொருளிலிருந்து பின்னோக்கிப் போகின்றன, லாட்டைத் தொழிற்சாலையே தேர்ந்தெடுக்கிறது. பின்னோக்கிப் போகும்போது ஒரு பாக்கெட்டின் பேட்ச் அட்டையில் உள்ள பத்துச் சேர்மானத்தை வாசித்தால் வேலை முடிந்தது. மூலப்பொருளிலிருந்து முன்னோக்கி வந்தால்தான் கலவை, தொட்டியில் மிச்சம் நின்ற பழைய மசாலாவின் மேல் கொட்டிய புது மசாலா, உடைசல் என்று ஒவ்வொரு கிளையாகப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே தணிக்கையாளர் லாட்டைத் தானே எடுக்க வேண்டும், அதுவும் உற்பத்திக் கூடத்தில் பாதி காலியாகக் கிடக்கிற ஒரு மூட்டையின் சீட்டிலிருந்து எடுக்க வேண்டும். கடிகாரம் அங்கிருந்து ஓடட்டும். கேள்வித்தாளில் 'தணிக்கையாளர் எந்த லாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது' என்று வந்தால், 'சமீபத்தில் மாக் ரீகால் நடத்தப்பட்ட லாட்' என்ற விடையைத் தொடாதீர்கள்.

திரும்பப் பெறுதல் பக்கமும் இதே நூறு சதவீத மயக்கம்தான், வேறு வேஷத்தில். அனுப்பிய சரக்கு முழுதும் திரும்பி வந்தால்தான் ரீகால் வெற்றி என்று படிக்கிறார்கள். தின்ற காரச்சேவு திரும்பி வராது. 44,550 பாக்கெட்டில் 15,000 வந்தது என்றால், அதை வைத்து மட்டும் வெற்றி தோல்வி சொல்ல முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிகளில் செயல்திறன் சரிபார்ப்பு என்பதன் நோக்கம் தெளிவாக இருக்கிறது: திட்டமிட்ட ஆழம் வரைக்கும் சரக்கு பெற்ற எல்லோருக்கும் அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா, அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்களா. ஆழம் என்றால் மொத்த வியாபாரி வரையா, கடை வரையா, வீடு வரையா என்பது. எத்தனை பேரைத் தொடர்புகொண்டு சரிபார்ப்பது என்பதற்கு அங்கே ஐந்து நிலைகள் உண்டு. அனைவரையும் கேட்பது முதல் நிலை, நூற்றுக்குப் பத்துப் பேர், இரண்டு பேர் என்று இறங்கி, கடைசி நிலையில் யாரையும் கேட்பதில்லை. அங்கே சதவீதம் கணக்கிடப்படுவது ஆட்களுக்கு, பாக்கெட்டுகளுக்கு அல்ல. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மதிப்பெண் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி மையங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அது முழுக்க நியாயமில்லை என்றும் தெரியும். நாற்பது பேரை ஒரு வாரத்தில் தயார் செய்ய வேண்டும் என்றால் எண்ணைத்தான் சொல்லித் தர முடியும். சாக்கைக் காட்ட முடியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மசாலாத் தொழிற்சாலையில், கூடத்தில் கிடந்த மூட்டை ஒன்றின் எண்ணைச் சொல்லித் தேடச் சொன்னேன். தர மேலாளர் கணினியில் பார்த்து முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்தார். வந்தது 500 கிலோ, பயன்பட்டது 500 கிலோ, சேதாரம் சுழி. ஆனால் அந்த மூட்டை இன்னும் காலியாகவில்லையே என்றேன். அவர் கிடங்குக்காரரைக் கூப்பிட்டார். வயதானவர். "ஐயா, இதிலே பதிமூணு கிலோ இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பென்சில் எழுத்து. ஒவ்வொரு மூட்டைக்கும் சலித்த கட்டி எவ்வளவு, கிழிந்த சாக்கில் கொட்டியது எவ்வளவு, ஆய்வகப் பையன் வாங்கிப்போனது எவ்வளவு என்று மூன்று வருஷத்துக்கு இருந்தது. எதற்கு இதை எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "குறைஞ்சா என் சம்பளத்திலே பிடிப்பாங்களே" என்றார். தர மேலாளர் அந்த நோட்டை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.