நன்றிக் கடிதத்தில் விடுபட்ட கணக்கு

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நமக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். நமக்கு எழுதியதல்ல அது. அவர் வீட்டில் 33 ஆண்டுகள் இருந்து, அவரையும் அவருடைய தம்பி தங்கையையும் வளர்த்து, 2025இல் வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போய்விட்ட ஆயாவுக்கு எழுதிய விடைபெறும் கடிதம். அதை அப்படியே பிரசுரிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நல்ல கடிதம்தான். அம்மை போட்டிருந்தபோது வேப்பிலைக் கொத்தோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்புத் தேர்வு நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்குக் காபி போட்டுக்கொண்டு எழுப்பியதை எழுதியிருக்கிறார். அப்பாவின் அடிக்கு நடுவில் வந்து நின்றதையும் மறக்கவில்லை. "பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் நீ" என்று ஒரு வரி. "உனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன்" என்று இன்னொரு வரி.

அந்த இரண்டாவது வரிதான் நம்மை நிறுத்தியது. படிக்கத் தெரியாதவருக்கு எழுதிய கடிதம் பத்திரிகைக்கு வருகிறது என்றால், அதைப் படிக்கப்போவது யார்? எழுதியவரின் சொந்தக்காரர்களும் நண்பர்களும் நாமும்தான். ஆயாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தேடினோம். வழியனுப்பிய நாளில் என்ன கொடுத்தார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்: ஒரு பட்டுப்புடவை, கால் பவுன் மோதிரம், கையில் 25,000 ரூபாய். குறைத்துக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அந்த வரியில் துளியும் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தாராளம் என்றுதான் சொல்வார்கள்.

தாராளமா என்று கணக்குப் பார்ப்போம். 1992 முதல் 2025 வரை 33 ஆண்டுகள். 25,000 ரூபாயை அதற்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 757 ரூபாய், மாதத்துக்கு 63 ரூபாய்.

இதே பெண்மணி ஒரு பள்ளிக்கூடத்திலோ துணிக்கடையிலோ 33 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால் விலகும் நாளில் பணிக்கொடை கிடைத்திருக்கும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்தது: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் ஆண்டு உழைப்புக்கும் 15 நாள் கூலி. ஆயாவின் கடைசிச் சம்பளம் 9,000 ரூபாய் என்று கடிதத்திலேயே இருக்கிறது. கணக்குப் போட்டால் 1,71,346 ரூபாய் வருகிறது.

இந்தத் தொகையை அவர் ஏன் கேட்க முடியாது? குறைந்தது 10 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பணிக்கொடை. அண்மையில் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த வரம்பை மாற்றவில்லை. ஒரு வீட்டில் ஒருவர், மிஞ்சினால் இருவர் வேலை செய்கிறார்கள். ஆகவே கடையில் துணி மடித்தவருக்கு உண்டு, வீட்டில் பிள்ளை வளர்த்தவருக்கு இல்லை. இது வேலையின் தரத்தைப் பார்த்துச் செய்த முடிவு அல்ல, தலையை எண்ணிச் செய்த முடிவு. சட்டம் கேட்கவில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது என்பதே நம் கருத்து.

"அவர் எங்கள் வீட்டு வேலைக்காரர் அல்ல, குடும்பத்தில் ஒருவர்" என்கிறார் வாசகர். இந்த வாதம் நம் வீடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. சொல்பவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குச் சொத்தில் பங்கு உண்டு. 1989இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி மகளுக்குச் சம பங்கு கொடுத்தது, 2005இல் நாடு முழுவதும் அது வந்தது. ஆயாவுக்கு அந்தப் பங்கும் இல்லை, தொழிலாளிக்குரிய பணிக்கொடையும் இல்லை. கொடுக்க வேண்டிய நேரத்தில் வேலைக்காரர், வேலை வாங்க வேண்டிய நேரத்தில் குடும்பத்தார் என்று இரண்டு பக்கமும் நமக்குச் சாதகமாகவே அந்தச் சொல் வேலை செய்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று அந்த வீட்டில் எப்போதும் இருந்ததாகக் கடிதத்தில் குறிப்பு இல்லை. குடும்பத்தாருக்கு யார் விடுப்புக் கொடுப்பார்கள்?

சாப்பாடும் இடமும் கொடுத்தோமே என்றும் கேட்கலாம். கொடுத்தார்கள்தான். ஆனால் ஆயா அந்த வீட்டிலேயே தங்கியதால்தான் அம்மை போட்ட இரவிலும், விடியற்காலை நான்கு மணிக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருந்தது. தங்கிய இடத்துக்கான வாடகையை அவர் தூக்கத்தால் கொடுத்துவிட்டார்.

வெள்ளைக்காரர் காலத்துச் சென்னையிலும் விடைபெறும் கடிதம் உண்டு. துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறும்போது ஆயாவுக்கும் பட்லருக்கும் ஒரு சான்றுச் சீட்டு எழுதிக் கொடுக்கும். எத்தனை வருடம் இருந்தார், என்ன வேலை தெரியும், நாணயமானவரா என்று அதில் இருக்கும். ஆயா அந்தச் சீட்டுகளைத் துணியில் முடிந்து வைத்திருந்து அடுத்த பங்களாவில் காட்டுவார். பிள்ளைகளோடு லண்டன் வரை கூட்டிப்போய், திரும்பக் கப்பல் செலவு கொடுக்காமல் கைவிட்ட குடும்பங்களும் இருந்தன. அப்படி நின்றவர்களுக்காகவே அந்நகரின் ஹாக்னி பகுதியில் ஓர் ஆயாக்கள் இல்லம் நடந்தது. 2022இல் அந்தக் கட்டடத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள். அந்தத் துரைகளை நாம் புகழவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய சீட்டு வாங்கியவர் கைக்குப் பயன்பட்டது. நம் வாசகரின் கடிதத்தில் வேலைக்குச் சேர்ந்த தேதிகூட இல்லை. ஆண்டை நாம் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்றையும் கேட்டோம். ஆயா நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007இல் அமைந்தது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பதிந்து, குறித்த காலத்தில் புதுப்பித்து வந்தால் 60 முடிந்ததும் மாத ஓய்வூதியம் உண்டு. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான், ஆனால் சாகும் வரை வரும். வாரியம் வந்தபோது ஆயாவுக்கு 45 வயது. 60 முடிய 15 ஆண்டுகள் இருந்தன. அந்த 15 ஆண்டுகளில் எந்த நாளிலும், படித்த மூன்று பிள்ளைகளில் ஒருவர் அடையாளச் சான்றையும் வேலைச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஓர் அரை நாள் அலைந்திருந்தால் போதும். இப்போது 63 வயதில் எந்த அழகான கடிதமும் அந்தக் கதவைத் திறக்காது. இனி அவருக்கு மிஞ்சியிருப்பது, ஆதரவற்றவர் என்று நிரூபித்துக்கொண்டு முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போடுவது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் ஆதரவற்றவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

நடுத்தரக் குடும்பத்தால் இவ்வளவு தொகை கொடுக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரே நாளில் கொடுப்பது சிரமம்தான். ஆனால் மேலே சொன்ன வாய்ப்பாட்டை மாதக் கணக்காக மாற்றினால் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 9,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 433 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே அஞ்சலகத் தொடர் வைப்பில் அவர் பெயரில் போட்டிருந்தால் வட்டியும் சேர்ந்திருக்கும். இன்று வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் இந்த மாதமே தொடங்கலாம். ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளரும் ஐந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வேலை பார்த்த பிறகு, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக விலகினால், ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கிட்டு வாங்குகிறார். அதைக் கொடுப்பதும் தனித்தனிக் குடும்பங்கள்தான்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் பணியாளரின் உரிமைகளுக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கெனத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரியம் இருக்கிறது. ஆள் வைத்திருக்கும் வீடு சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்தை மாதாமாதம் வாரியத்தில் கட்ட வேண்டும், அது பணியாளர் கணக்கில் சேர வேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். வீடு மாறினாலும் கணக்கு மாறாமல் தொடரும். ஒரே வீட்டில் 33 ஆண்டுகள் இருப்பவர்கள் அரிதாகிவிட்ட இந்தக் காலத்துக்கு அதுவே பொருந்தும்.

வாசகரின் கடிதத்தை நாம் பிரசுரிக்கவில்லை. காரணத்தை அவருக்கு எழுதியிருக்கிறோம், இங்கும் சொல்கிறோம். 1,71,346 ரூபாயில் கொடுத்த 25,000 ரூபாயைக் கழித்தால் மீதி 1,46,346 ரூபாய். வளர்ந்தவர்கள் மூவர். தலைக்கு 48,782 ரூபாய். மூவரும் வேலையில் இருப்பவர்கள். மொத்தத் தொகையையும் ஆயாவின் பெயரில் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுமார் 3,000 ரூபாய் வரும். முதல் அவருடையதாகவே இருக்கும். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். நியமனதாரர் யார் என்பதை அவரே சொல்லட்டும்.

அதன் பிறகு அவர் ஊருக்கு நேரில் போய், சேர்ந்த ஆண்டும் விலகிய ஆண்டும் போட்ட தொகையும் எழுதிய கடிதத்தை, வேப்பிலையும் காபியும் உட்பட, மூத்த பிள்ளை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். அந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க நாம் தயாராக இருக்கிறோம்.