"அப்புறம்?"

கம்பம் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் பக்கத்து வீட்டுக்கு வருகிறார். திராட்சைக்கு மருந்தடிக்கக் கைமாற்று கேட்க வேண்டும். "வாங்க மாமா" என்றதற்கு "ம்" என்று திண்ணையில் உட்காருகிறார். அடுத்த நொடியே "என்ன விஷயம்?" என்று கேட்டால், பதில் நிச்சயம் "சும்மாதான் வந்தேன்". அந்தச் "சும்மா" வந்துவிட்டால் அவசரப்பட்டாச்சு என்று அர்த்தம். அவர் கேட்காமலே போய்விடுவார்.

ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்த கெயில் ஜெஃபர்சன், மௌனம் ஏறக்குறைய ஒரு நொடியைத் தொட்டதும் யாராவது பேசிவிடுவதை 1989-ல் எழுதினார். திண்ணையில் அந்தக் கணக்கு பத்தாது. அங்கே கடிகாரம் தண்ணீர்ச் செம்புதான். குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தால் பேச்சு இன்னும் திரண்டு வருகிறது, விட்டுவிடலாம். கீழே வைத்த பிறகும் பேச்சில்லை என்றால் "அப்புறம்?" போதும். அது காரணம் கேட்பதில்லை. மழை, தண்ணி, மகன் படிப்பு என்று எங்கிருந்தும் தொடங்க இடம் கொடுக்கிறது.

போனில் செம்பு கிடையாது. அங்கே மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் லைன் போச்சு என்று வைத்துவிடுவார்கள். அதற்குள் "கேக்குதா மாமா?" என்றால், பழி சிக்னல் மேல் போய்விடும் (மலையோரத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்!).