தேங்கிய நீர் யாருடைய நீர்?

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். புதுச்சேரியில் என் வயதுக்காரர்களில் சிலருக்கு அப்படி வாய்த்தது. பள்ளியில் மொழிபெயர்ப்புக்கென்றே தனி வகுப்பு உண்டு. எங்கள் வாத்தியார் தவறுகளைத் தரம் பிரித்து மார்க் குறைப்பார். ஒரு சொல்லின் பொருளைக் கொஞ்சம் பிசகிவிட்டால் 'ஃபோ சான்ஸ்'. அதற்குச் சிறிய அபராதம். மூலம் சொன்னதற்கு நேர்மாறாகப் புரியும்படி எழுதினால் 'கோந்த்ரசான்ஸ்'. அதற்குச் சிவப்பு மையில் பெரிய கோடு விழும். அந்தச் சிவப்புக் கோடு எனக்கு நினைவுக்கு வந்தது சென்ற மழைக்காலத்தில், எங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த டெங்கு போஸ்டரைப் படித்தபோது.

அதில் மூன்று வரிகள் பெரிய எழுத்தில் இருந்தன. 'வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் நீர் தேங்குதலைத் தவிர்க்கவும்.' 'சுய மருத்துவம் தவிர்க்கவும்.' 'காய்ச்சல் தணிந்த பின்னர் எச்சரிக்கை அறிகுறிகள் தென்படின் உடனடி மருத்துவ கவனம் பெறவும்.' ஆங்கில மூலமும் பிறகு என் கைக்கு வந்தது. ஒத்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரி. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் மூன்று வரியும் கோந்த்ரசான்ஸ் என்று நான் சாதிக்கிறேன்.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் மீன் கொண்டுவரும் அம்மாளிடம், "ஏம்மா, இதைப் படிச்சா என்ன செய்யணும்னு தோணுது?" என்று கேட்டேன். "வாய்க்கால்ல தண்ணி தேங்கிக் கிடக்குதுல்ல ஐயா, அதைச் சுத்தம் பண்ணணும்னு முனிசிபாலிட்டிக்காரங்களுக்குப் போட்டிருக்காங்க" என்றார். இன்னும் நான்கு பேரைக் கேட்டேன். நான்கு பேரும் கையைச் சாக்கடைப் பக்கம்தான் நீட்டினார்கள்.

அவர்கள் மீது குற்றமில்லை. தமிழில் நீர் 'தேங்குகிறது' என்றால் கண்முன் வருவது சாக்கடை, குட்டை, மழை பெய்த ரோட்டுப் பள்ளம். தொட்டியில் நாம் பிடித்து வைத்த தண்ணீரைத் தேங்கிய நீர் என்று யாரும் சொல்வதில்லை. அது 'நல்ல தண்ணி'. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது இந்த நல்ல தண்ணிதான். சிமென்ட் தொட்டி, டிரம், பூச்சாடி, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்கச்சி, இவைதான் அதன் வீடு. பிரெஞ்சில் இப்படிக் கிடக்கும் தண்ணீரைத் 'தூங்கும் நீர்' என்பார்கள். அதை நம்பாதே என்று பழமொழியே உண்டு. அந்தச் சொல்லுக்குள் குடமும் அடங்கும், குட்டையும் அடங்கும். நம் 'தேங்கிய நீர்' அவ்வளவு அகலமானது அல்ல. ஆகவே போஸ்டரைப் படித்தவர் முனிசிபாலிட்டியைத் திட்டிவிட்டு, டிரம்மைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்.

இன்னொன்று. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். எனவே செய்யவேண்டியது, வாரம் ஒருமுறை காலி செய்து, நார் போட்டுத் தேய்ப்பது. 'தவிர்க்கவும்' என்ற சொல்லில் நாரும் இல்லை, வாரமும் இல்லை.

இரண்டாவது வரி. 'சுய மருத்துவம்' என்றால் என்ன என்று எதிர்வீட்டுப் பையனைக் கேட்டேன். "கஷாயம், கை வைத்தியம் அதெல்லாம் சார்" என்றான். மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலி, காய்ச்சல்' என்று சொல்லி வாங்கும் செட் மாத்திரை? "அது கடைக்காரர் கொடுக்கிறதாச்சே!" டெங்குவில் ஆபத்து இங்கேதான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். ஆகவே அந்த வரி கடை வாசலைச் சுட்டவேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பக்கத்துத் தெருவில் 9 வயதுப் பிள்ளை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் நிம்மதியாக இட்லி கொடுத்தார்கள். இரவெல்லாம் வாந்தி, வயிற்றுவலி. விடியும்போது கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. பிழைத்தான், ஆனால் நாள் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து. அவன் அப்பா என்னிடம், "நானும் அந்த போஸ்டரைப் படிச்சேன் சார். காய்ச்சல் தணிஞ்சா சரியாயிடும்னுதான் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையும் அதை ஒட்டிய ஓரிரு நாளும்தான் கண்டம். ஆங்கில மூலத்தில் அந்த அறிகுறிகளின் பட்டியல் கீழே இருந்தது. தமிழ் வாசகம் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட இடம் அதிகம் பிடிக்கும். இடம் போதவில்லை என்று பட்டியலை நீக்கிவிட்டார்கள். எஞ்சியது 'எச்சரிக்கை அறிகுறிகள்' என்ற இரண்டு கனமான சொற்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைச் சொன்னபோது, "அவசரம் தெரியணும்னா மண்டை ஓடு போட்டு 'உயிர்க்கொல்லி டெங்கு'ன்னு எழுதுவோம்" என்றார் ஒருவர். அதையும் நான் ஏற்கவில்லை. மூலம் யாரையும் மிரட்டவில்லை. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்கிறது. மிரட்டினால் முதல் நாள் காய்ச்சலுக்கே ஓடிப்போய், ஒன்றுமில்லை என்று திரும்பி, ஐந்தாம் நாள் அலட்சியமாக இருப்பார்கள். எப்போது, எதைக் கண்டால், எங்கே போவது என்று சொல்வதில்தான் அவசரம் இருக்கிறது. ஆச்சரியக்குறியில் இல்லை.

நான் எழுதிக்கொடுத்தது இது:

'டெங்கு கொசு வளர்வது உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில். வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் காலி செய்து, நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.'

'காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள்.'

'காய்ச்சல் விட்டதும் ஆபத்து விட்டதாக நினைக்காதீர்கள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் கவனியுங்கள். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சில்லிட்ட கை கால், இவற்றில் ஒன்று இருந்தாலும், நடு ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.'

"மூலத்தில் இல்லாததைச் சேர்க்கிறீர்களே, இது மொழிபெயர்ப்பா?" என்று ஒரு தமிழாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. 34 வருடம் கோப்பு பார்த்தவன் நான், அதிகாரமில்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன். 'நார்', 'கடை', 'இரண்டு நாள்' மூன்றின் ஓரத்திலும் 'மூலத்தில் இச்சொல் இல்லை, டாக்டர் ஒப்புதல் தேவை' என்று குறித்து, ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். பப்பாளி இலைச்சாற்றையும் சேர்க்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். மூலத்தின் நோக்கத்தை விளக்க எனக்கு உரிமையுண்டு, புது மருந்து எழுத இல்லை.

புது போஸ்டரை ஒட்டுமுன் அதே மீன்காரம்மாளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எங்க வீட்டு டிரம்முக்கு மூடியே இல்லையே ஐயா" என்றார். வாத்தியார் இருந்திருந்தால் இதற்கு முழு மார்க் போட்டிருப்பார்.