ஏழு நாள் பதிவும் எவரும் வாசிக்கும் குறியும்

2024 ஆகஸ்டில் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டல், உயர் குருதி அமுக்கத்தைக் கிளினிக்குக்கு வெளியே எடுத்த அளவுகளைக் கொண்டு உறுதிசெய்யுமாறு கூறி, வீட்டுச் சராசரிக்கு 135/85 என்ற எல்லையை வைத்திருப்பதால், கண்டியிலும் பேராதனையிலும் நோயாளர் கொண்டுவரும் கொப்பி சிகிச்சை முடிவுக்கு ஆதாரமாகும் தகுதியுடன் அமைய வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

மீளாய்வுக்கு முந்திய ஏழு நாட்களும் காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன்னரும், மாலையிலும், ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தபின், ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரு அளவுகள் எடுக்கப்பட்டு, கருவி காட்டிய எண்கள் முழுமையாக்கப்படாமல் ஒரு வேளைக்கு ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். புதிய செயலின் பதற்றம் கலந்த முதல் நாளை நீக்கி, காலைச் சராசரியும் மாலைச் சராசரியும் பக்கத்தின் அடியில் தனித்தனியே தரப்பட வேண்டும்.

உதாரணமாக, காலையில் மாத்திரை எடுக்கும் ஒருவரின் முதல் நாள் சராசரி 156/94 எனவும், ஏனைய ஆறு நாட்களின் காலைச் சராசரி 144/88, மாலைச் சராசரி 132/80 எனவும் கொண்டால், மொத்தச் சராசரியான 138/84 எல்லையைச் சற்றே தாண்டியதாக மட்டும் தெரியும்; பிரித்து எழுதினாலோ, மருந்தின் வேகம் அடுத்த வேளைக்கு முன் தணிகிறதா என்ற கேள்வி உடனே எழும். அவர் மாத்திரையைத் தவறவிடவில்லை என்பதைப் பதிவு காட்டினால்தான் அக்கேள்விக்குப் பொருளுண்டு.

குருதிச் சீனியும் இணையாகவே எழுதப்பட வேண்டும்: ஒரே நாளில் வெறும் வயிற்றில் 118, தேங்காய் ரொட்டி உண்டு இரண்டு மணி நேரத்தின்பின் 226 மில்லிகிராம் (ஒரு டெசிலீட்டருக்கு) எனும் இணை, வெறுவயிற்றுச் சோதனை மட்டும் மறைத்துவிடும் குறையை வெளிப்படுத்துகிறது.

எண்கள் எம்மொழியினருக்கும் புரியும்; அவற்றுக்குப் பொருள் தரும் குறிப்புரையோ புரிவதில்லை. தெல்தோட்டை, ஹந்தானைத் தோட்டங்களிலிருந்து வருபவர் "மாத்திரை முடிந்துவிட்டது" என்று தமிழில் எழுதும் வரியைத் தமிழ் வாசிக்காத வைத்தியர் கடந்துபோக, தேவையற்ற இரண்டாவது மருந்து சேர்க்கப்படும் ஆபத்து உண்டு. ஆகவே குறிப்புரைப் பத்தியில் சொற்களுக்குப் பதிலாக, எடுத்த மாத்திரைக்குச் சரி, தவறியதற்குப் புள்ளடி, காய்ச்சலோ உறக்கமின்மையோ இருந்த நாளுக்கு வட்டம் என மூன்று குறிகள் போதும். அவற்றின் விளக்கம் பக்கத்தின் தலையில் தமிழ், சிங்களம் ஆகிய இரு மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டும்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய நாட்டில், இந்த ஒரு பக்கத்தை அச்சிடும் பொறுப்பு அதிகாரிகளுடையது. புரியாத அறிவுறுத்தலைப் பின்பற்றாத தோட்டத் தொழிலாளியை ஒத்துழைக்காதவர் என்று கோப்பில் எழுதுவது, நிர்வாகத்தின் குறையை நோயாளியின் மேல் சுமத்தும் அநீதியாகும். அச்சிட்ட பக்கம் வரும்வரை, ஒவ்வொரு கிளினிக்கின் தாதியரும் வைத்தியரும் அம்மூன்று குறிகளையும் தம் கையாலேயே நோயாளியின் கொப்பியில் வரைந்து கொடுக்கலாம்.