ஒரே எச்சரிக்கை, மூன்று காரணங்கள்: திறக்க மறுக்கும் வங்கிச் செயலி

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வங்கிச் செயலி ஆடம்பரப் பொருளல்ல. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பும் பணமும், வங்கிக் கணக்குக்கு வரும் அஸ்வெசும கொடுப்பனவும் வந்துவிட்டனவா என்று பார்க்க மேட்டு லயத்திலிருந்து டவுனுக்கு இறங்கினால் அன்றைக்கு அரைப்பேர்தான். அந்தச் செயலி ஒருநாள் காலை "இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது" என்று, பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே போக முடியாது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு நிலைமைகள் இருக்கலாம். முதலாவது அற்பமானது. உடைந்த போனிலிருந்த படங்களை எடுத்துத் தரும்படி ஒரு பெண் அதைத் திருத்தும் கடைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் போனைக் கணினியோடு பேச வைக்க, அமைப்புகளில் Build number என்ற இடத்தை ஏழு தடவை தட்டி Developer options பகுதியைத் திறக்கிறார். அதற்குள் USB debugging என்பதை இயக்குகிறார். வேலை முடிந்ததும் அணைக்க மறந்துவிடுகிறார். போனில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் இந்த இரண்டு சுவிட்சுகளும் இயங்குகின்றனவா என்பதை எந்தச் செயலியும் வாசிக்க முடியும். வாசித்ததும் சில வங்கிச் செயலிகள் கதவைச் சாத்துகின்றன. அமைப்புகளுக்குள் போய் Developer options பகுதியின் உச்சியிலுள்ள சுவிட்சை அணைத்து, போனை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் விடயம் முடிந்துவிடும்.

அப்படியும் திறக்கவில்லையென்றால் மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, போன் 'ரூட்' செய்யப்பட்டிருப்பது. அண்ட்ரொய்ட் ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கிறது. ரூட் என்பது எல்லா அறைகளுக்குமான சாவி. அது தவறான செயலியின் கையில் சிக்கினால் வங்கிச் செயலி சேமித்து வைத்திருப்பதையும் எடுத்துவிடலாம். இந்த இடத்தில் வங்கியின் பயம் நியாயமானது.

மற்றது, உற்பத்தியாளர் தந்த இயங்குதளத்தை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருப்பது. சீனச் சந்தைக்கான போனை மலிவாக வாங்கி, பூட்லோடரைத் திறந்து, வேறு மென்பொருள் ஏற்றி விற்கும் பழக்கம் உண்டு. வாங்குபவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. கண்டுபிடிக்க எளிய வழி, போனை இயக்கும்போது முதல் சில நொடிகளைக் கவனிப்பது. பூட்லோடர் திறந்திருந்தால் பெரும்பாலான போன்கள் ஒரு எச்சரிக்கையைக் காட்டும். பிளே ஸ்டோர் அமைப்புகளில் About பகுதியில் Play Protect certification என்ற இடத்தில், சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்றும் இருக்கும். பழைய போன் வாங்குவோர் காசு கொடுக்குமுன் இந்த இரண்டையும் பார்ப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய போனைப் பாவிக்கும் வன்னிக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

வாங்கிய பிறகு தெரிந்தால் சிக்கல்தான். மாற்றிய இயங்குதளத்தோடு பூட்லோடரைத் திரும்பப் பூட்டினால் போன் எழும்பாமலே போகலாம். முதலில் அந்த மாதிரிக்கே உரிய அசல் மென்பொருளை ஏற்ற வேண்டும், அதில் உள்ளதெல்லாம் அழியும். "அக்கா, ரூட் தெரியாம மறைச்சுத் தாரேன்" என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மறைக்கும் கருவி வேலை செய்வதற்கே அந்த எல்லா அறைகளுக்குமான சாவி போனில் இருந்தாக வேண்டும். யாரோ ஏற்றிய அந்தக் கருவியை நம்பித்தான் பிறகு கணக்கைத் திறக்க வேண்டியிருக்கும்.

வங்கிகள் இந்தச் சோதனையைப் பெரும்பாலும் தாமே முழுமையாகச் செய்வதில்லை. கூகுளின் Play Integrity சேவையிடம் கேட்கின்றன. அது அளப்பது, போன் உற்பத்தியாளர் விட்டபடியே இருக்கிறதா என்பதை. போன் பத்திரமானதா என்பது வேறு கேள்வி. அதனால்தான் பல வருடங்களாகப் பாதுகாப்புத் திருத்தமே கிடைக்காத பழைய போன், முத்திரை கலையாதிருந்தால் சாதன நிலைச் சோதனையில் தேறிவிடுகிறது. கண்காணிப்புக்கு அஞ்சி, ஒழுங்காகத் திருத்தங்கள் வரும் GrapheneOS போன்ற இயங்குதளத்தை ஏற்றியவரின் போன் அதே சோதனையில் தோற்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோருக்காக இயங்குவோரும் செய்தியாளர்களும் இப்படியொரு போனை விரும்புவதற்கு நம் நாட்டில் காரணம் இருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து கூகுள், அண்ட்ரொய்ட் 13உம் அதற்கு மேலும் உள்ள போன்களுக்கு உச்ச நிலைச் சான்று தர, கடந்த ஒரு வருடத்துக்குள் பாதுகாப்புத் திருத்தம் கிடைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த நிலையைக் கேட்கும் வங்கியிடம், திருத்தம் நின்றுபோன போன் கையில் இருப்பவர்தான் முதலில் தோற்பார்.

வெளியே போக்கு இறுகுகிறது. வியட்நாமின் மத்திய வங்கி, ரூட் செய்த, பூட்லோடர் திறந்த, கணினியோடு பிழைதிருத்தத் தொடர்பு இயங்கும் போன்களில் வங்கிச் செயலி நின்றுவிட வேண்டும் என்று 2026 மார்ச் 1 முதல் விதித்திருக்கிறது. சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கி 2023 ஓகஸ்டில் வேறு இடத்தில் கை வைத்தது. வெளியிலிருந்து இறக்கி நிறுவிய, திரையைப் படிக்கும் அனுமதி பெற்ற ஆபத்தான செயலிகள் இருந்தால் அதன் வங்கிச் செயலி திறக்காது. அங்கே மக்களின் சேமிப்பைச் சுருட்டிய மோசடிகளுக்கு ரூட் தேவைப்படவில்லை. இணைப்பொன்றை அனுப்பி, செயலியை நிறுவ வைத்து, அனுமதியைக் கேட்டு வாங்கியே திருடினார்கள்.

என் பார்வையில், ரூட் செய்த போனை வங்கி மறுப்பதில் பிழையில்லை. அணைக்கக்கூடிய ஒரு சுவிட்சுக்கும் அதே தண்டனை கொடுப்பதும், எது காரணம் என்று தமிழிலோ சிங்களத்திலோ சொல்லாமல் விடுவதும்தான் பிழை. காரணம் செயலிக்குத் தெரியும். "Developer options இயங்குகிறது, அணைத்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு வரி போட்டால் அந்தப் பெண்ணுக்கு அரைப்பேர் மிஞ்சும். அதுவரை, போன் மறுக்கப்பட்டவர்கள் கிளையில் குறுந்தகவல் அறிவித்தலைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பணம் வந்ததை அறிய அது போதும், அதற்குப் பழைய பட்டன் போனும் போதும்.