‘சரி’ என்று பதில் வந்தது, எழுதியது யார்?

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 175-ஆம் பிரிவு, இயக்குநர்கள் ஓரிடத்தில் கூடாமலேயே தீர்மானம் நிறைவேற்ற வழி தருகிறது. தீர்மானத்தின் வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்ப வேண்டும். வாக்குரிமை உள்ளவர்களில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டால் அது நிறைவேறிவிடும். வரைவை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று 2014-இல் வந்த விதிகள் அனுமதிக்கின்றன. பெரிய கம்பெனிகளில் இதையெல்லாம் கவனித்துக்கொள்ளக் கம்பெனி செக்ரட்டரி இருக்கிறார். அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமலேயே இதே பழக்கம் நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கும், அறக்கட்டளைகளுக்கும், முன்னாள் மாணவர் மன்றங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

வந்ததில் தவறில்லை. நிர்வாகக் குழுவில் ஒருவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருக்கிறார். லிப்ட் நின்றுவிட்டால் அவர்கள் ஊர் திரும்பும்வரை நான்காம் மாடிப் பாட்டி படியேற முடியுமா? பொருளாளர் மெயில் போடுகிறார், ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ பதில் வருகிறது, வேலை நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் பொம்மை போட்டு லட்ச ரூபாய்க்கு ஒப்புதல் தரும் சங்கங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த ஒற்றைச் சொல் பதிலை எதை வைத்து நம்புகிறோம் என்று பெரும்பாலான சங்கங்கள் பேசி முடிவெடுத்ததே இல்லை.

ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குழுவில் ஐந்து பேர், செலவுக்கு மூவர் சம்மதம் வேண்டும். லிப்டின் கம்பிக்கயிறு மாற்ற ₹1,86,000. இது கோரிக்கை எண் 47. பொருளாளர் ஐவருக்கும் மெயில் அனுப்புகிறார். மாலைக்குள் இருவரிடமிருந்து ‘சரி’ வருகிறது. இரவு பத்து மணிக்குத் தலைவர் பெயரில் மூன்றாவது ‘சரி’யும் வருகிறது. கூடவே ஒரு வரி: ‘ஒப்பந்தக்காரர் வங்கிக் கணக்கை மாற்றியிருக்கிறார், புது எண் கீழே.’ மறுநாள் காலை பணம் போய்விடுகிறது. தலைவர் அந்தப் பதிலை எழுதவே இல்லை.

இது மூன்று வழிகளில் நடந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் வழி, அனுப்புநர் முகவரியையே பொய்யாக எழுதுவது. தபால் உறையின் இடது மூலையில் யார் பெயரையும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார். மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது. மெயிலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. பிற்பாடுதான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று ஒட்டுவேலைகள் சேர்ந்தன. இந்த டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று முதலாவது சொல்கிறது. அனுப்பும் சர்வர் மெயிலில் போடும் மறைக் கையெழுத்து இரண்டாவது. நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு இவை பொருந்துகின்றனவா, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்தினால் முடிவுகள் தெரியும்:

```
Authentication-Results: mx.google.com;
  dkim=pass header.i=@gmail.com;
  spf=pass smtp.mailfrom=gmail.com;
  dmarc=pass header.from=gmail.com
```

இந்த வரியிலும் ஒரு கண்ணி உண்டு. ஏமாற்றுக்காரர் இதே போன்ற வரியைத் தானே எழுதி மெயிலுக்குள் வைத்து அனுப்ப முடியும். ஆகவே நம் மெயிலைப் பெறும் சர்வரே சேர்த்த வரியை மட்டும்தான் நம்ப வேண்டும். ஒப்புதல்களை எண்ணுவதற்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் இளைஞர்கள் `pass` என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடினால், திருடனிடமே சாட்சி கேட்டதாகிவிடும்.

இரண்டாவது வழி இன்னும் எளிது. எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. தலைவரின் பெயரிலேயே புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குவார்கள். முகவரியில் ஓரெழுத்து கூடுதலாக இருக்கும். கைபேசித் திரை பெயரைத்தான் பெரிதாகக் காட்டும், முகவரியை அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். இந்த மெயிலில் மேலே சொன்ன மூன்று சோதனைகளும் தேறிவிடும், ஏனென்றால் அது உண்மையிலேயே ஜிமெயிலிலிருந்துதான் வந்தது. மெயில் எந்தச் சர்வரிலிருந்து வந்தது என்பதற்குத்தான் `dkim=pass` சாட்சி. எழுதியவர் நம் தலைவர்தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதற்கு மருந்து ஒரு பழைய பொருள்தான்: பதிவேடு. குழுவினர் ஐவரின் மெயில் முகவரிகளையும் கூட்டத்தில் வைத்து, நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏற்றிவிட வேண்டும். அதில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாத முகவரியிலிருந்து வரும் ‘சரி’ கணக்கில் வராது. உதவியாளரோ மகனோ தன் கணக்கிலிருந்து ‘அப்பா சரின்னு சொல்லச் சொன்னார்’ என்று எழுதினாலும் அப்படியே.

மூன்றாவது வழி, தலைவரின் அஞ்சல்பெட்டிக்குள்ளேயே நுழைந்துவிடுவது. இதற்கு முன் சொன்ன எதுவும் பயன்படாது. முகவரி சரி, கையெழுத்து சரி, எழுதியவர் மட்டும் வேறு. இதைப் பிடிக்க மெயிலுக்கு வெளியே ஒரு வழி வேண்டும். சங்கத்தின் பதிவேட்டில் முன்பே உள்ள எண்ணுக்கு ஒரு போன் போதும். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அல்ல. எல்லாச் செலவுக்கும் போன் போடத் தேவையில்லை. ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட தொகைக்கும், தொகை எவ்வளவானாலும் வங்கிக் கணக்கு மாற்றத்துக்கும் போன் போடலாம். கணக்கு எண் மாற்றத்தை மட்டும் மெயில் வழியாக ஏற்பதே இல்லை என்று முடிவெடுத்தாலும் நான் கைதட்டுவேன்.

எழுதியவர் யார் என்பது பாதிக் கேள்விதான். எதற்குச் ‘சரி’ சொன்னார் என்பது மீதிப் பாதி. பழைய மெயில் தொடரிலேயே புதுக் கோரிக்கையை நுழைத்து, போன மாதம் சொன்ன ‘சரி’யை இந்த மாதச் செலவுக்குக் காட்டுவது வெளியாள் செய்யும் மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவசரத்தில் சங்கத்துக்குள்ளேயே நடக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண், தனி மெயில், தொகை, பெறுபவர் பெயர், கணக்கின் கடைசி நான்கு இலக்கம், காலக்கெடு ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் அது புதுக் கோரிக்கை, வந்த ‘சரி’கள் செல்லாது. கம்பெனிகளின் சுற்றறிக்கைத் தீர்மானத்திலும் பதில் தர ஏழு நாளுக்கு மேல் கெடு வைப்பதில்லை.

கொஞ்சம் பெரிய அமைப்பாக இருந்து மென்பொருள் வைத்து இதை நடத்தினால், பதில் போக வேண்டிய முகவரியையே பூட்டாக்கிவிடலாம். கோரிக்கை எண், தொகை, பெறுபவர், ஒப்புதல் தருபவர், கெடு ஆகியவற்றைச் சேர்த்து, சர்வரில் மட்டும் இருக்கும் ஒரு ரகசியச் சாவியால் `HMAC-SHA256` முறையில் கணக்கிட்டு, விடையின் முதல் 80 பிட்டைப் பதினாறு எழுத்தாக்கினால் முகவரி இப்படி வரும்:

```
Reply-To: ok+47.k7m2qvxw4tzr3dhc@sangam.example
```

ஐவருக்கும் ஐந்து வேறு முகவரிகள். கோரிக்கை மெயிலைப் பார்க்காத வெளியாள் இதை ஊகிக்க முடியாது. தொகையைத் திருத்தினால் எழுத்துகள் பொருந்தாமல் போய்விடும். ஒருமுறை பயன்படுத்தியதும் காலாவதி ஆக வேண்டும். ஆனால் தலைவர் அந்த மெயிலை யாருக்காவது பார்வர்ட் செய்தால் பூட்டோடு சாவியும் போய்விடலாம். அதனால் பதிவேட்டு முகவரிச் சோதனையும் டிமார்க் சோதனையும் இதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். ‘சம்மதம் தர இங்கே அழுத்தவும்’ என்ற இணைப்பு இதைவிட வசதி என்று சிலர் சொல்வார்கள். அலுவலகங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள்கள், ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க இணைப்புகளைத் தாமே திறந்து பார்ப்பதுண்டு. திறந்தாலே பதிவாகும் இணைப்பாக இருந்தால், மனிதர் மெயிலைப் படிக்கும் முன்பே எந்திரம் சம்மதம் தந்துவிடும்.

பதிலைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ‘சரி, ஆனா இன்னொரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்க’ என்று ஒருவர் எழுதுகிறார். முதல் சொல்லை மட்டும் பார்க்கும் மென்பொருள் அதைச் சம்மதமாக எண்ணிவிடும். அவசரக்காரப் பொருளாளரும் அப்படியே எண்ணுவார். முதல் வரியில் அந்த ஒரு சொல் மட்டும் இருந்தால்தான் ஒப்புதல், வேறெது இருந்தாலும் திருப்பிக் கேட்க வேண்டும். ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்று தானாக வரும் பதிலுக்குக் கீழே நம் கோரிக்கையே ஒட்டிக்கொண்டு வரலாம், அதில் ‘சரி’ என்ற சொல்லும் இருக்கும். அத்தகைய தானியங்கி மெயில்களில் பெரும்பாலும் `Auto-Submitted: auto-replied` என்ற தலைப்பு வரி இருக்கும். அதைக் கண்டால் ஒதுக்கிவிடலாம்.

‘வேண்டாம்’ என்ற பதிலுக்கு இவ்வளவு சோதனை வேண்டியதில்லை என்பது என் கருத்து. போலியான ‘வேண்டாம்’ வந்தால் வேலை ஒரு நாள் தள்ளிப்போகும், போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். போலியான ‘சரி’க்குப் பணம் போய்விடும். நிறுத்துவது எளிதாகவும் நடத்துவது கடினமாகவும் இருக்கட்டும்.

இதையெல்லாம் பொருளாளர் தலையில் கட்டுவதுதான் நம் வழக்கம். அவரும் மாலையில் வீடு திரும்பி, சம்பளமில்லாமல் இந்த வேலையைப் பார்ப்பவர்தான். சுமையைப் பிரித்துக்கொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு ‘சரி’ வந்ததும், ‘கோரிக்கை 47, ₹1,86,000, இன்னார் சம்மதித்ததாகப் பதிவாகியிருக்கிறது, நீங்கள் எழுதவில்லை என்றால் உடனே சொல்லுங்கள்’ என்ற அறிவிப்பு, பதிவேட்டில் உள்ள ஐந்து முகவரிகளுக்கும் புதிய மெயிலாகப் போக வேண்டும். வந்த பதிலுக்கே பதிலாக அனுப்பினால் அது ஏமாற்றுக்காரர் கைக்குத்தான் போகும். ஒரு நாள் கழித்தே பணம். அந்த ஒரு நாளில் அறிவிப்பைப் படிப்பது ஐவரின் கடமை. தலைவரின் அஞ்சல்பெட்டி களவு போயிருந்தால் அவருக்குப் போகும் அறிவிப்பைத் திருடன் அழித்துவிடுவான். மற்ற நால்வரில் ஒருவர் படியில் தலைவரைப் பார்க்கும்போது ‘என்ன சார், கணக்கு எண் மாத்தச் சொன்னீங்களாமே’ என்று கேட்டால் களவு வெளியே வந்துவிடும். குழுவில் இருப்பவர் தன் மெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடாமல் இருப்பதும் இனி அவருடைய சொந்த விஷயம் இல்லை. அந்தப் பெட்டி வழியாகத்தான் எல்லாருடைய பராமரிப்புப் பணமும் வெளியே போகிறது.

தகராறு வந்தால் ஸ்கிரீன்ஷாட் போதாது. அதில் மெயிலின் தலைப்பு வரிகள் இருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒப்புதல் மெயிலையும் `.eml` கோப்பாக இறக்கிச் சங்கத்தின் பொதுச் சேமிப்பில் வையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், யார் தவறு என்று குழுவில் விவாதிக்கும் முன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்ததும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கக் கேளுங்கள். முகவரிப் பதிவேடு, போன் போட வேண்டிய தொகை வரம்பு, ஒரு நாள் காத்திருப்பு, எல்லாருக்கும் போகும் அறிவிப்பு ஆகிய நான்கையும் தீர்மானமாக எழுதி, ஐவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்தை மட்டும் மெயிலில் வாங்காதீர்கள்.