விடுப்புக் கேட்பது பிழை பொறுக்க வேண்டுவது அல்ல

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் கடிதமே விடுப்புக் கடிதம்தான். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்' என்று முடியும். காய்ச்சலில் கிடக்கும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு எதற்குத் தாழ்மை? என்ன கீழ்ப்படிதல்? யாரும் கேட்கவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போய், கையில் செல்பேசி வந்த பிறகும் அதே கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. 'தாழ்மையுடன்' இருந்த இடத்துக்கு 'சாரி சார்' வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தோழர் ஒருவர், மேலாளருக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினார். குடும்பத்திலேயே அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். செய்தி இது: "வணக்கம் சார், மன்னிக்கணும். பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். ரத்தப் பரிசோதனை எழுதியிருக்காங்க. நாளைக்கும் நாளை மறுநாளும் வர முடியாது, சாரி சார். வேலை அதிகமா இருக்கிற நேரத்துல லீவு போடுறதுக்கு ரொம்ப ரொம்ப சாரி. இனிமே இப்படி நடக்காம பார்த்துக்கறேன். தயவுசெஞ்சு மன்னிச்சிடுங்க சார்." கூடவே கைகூப்பும் படம் மூன்று.

நான்கு மன்னிப்புகள். ஆனால் மேலாளருக்குத் தெரிய வேண்டிய மூன்று விஷயங்கள் இதில் தெளிவாக இல்லை. எந்தத் தேதிகளில் வரமாட்டார், கைவேலையை யார் பார்ப்பார், எப்போது திரும்புவார்? இதைவிட மோசமானது 'இனிமே இப்படி நடக்காம பார்த்துக்கறேன்' என்ற வரி. பையனுக்கு அடுத்த மாதமும் காய்ச்சல் வரலாம். காப்பாற்ற முடியாத வாக்கை எழுத்தில் கொடுத்துவிட்டார். அடுத்த முறை விடுப்புக் கேட்கும்போது 'போன தடவையே சொன்னீங்களே' என்று அது திரும்பி வரும்.

'மன்னிப்பு கேட்பது நல்ல பண்புதானே, இதிலுமா அரசியல்?' என்று சிலர் கேட்பார்கள். அலுவலகத்தில் யார் எத்தனை முறை மன்னிப்பு கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நாற்காலி பார்த்த வீட்டுப் பிள்ளை 'நாளை வரமாட்டேன், வெளியூர் போகிறேன்' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார். யாரும் தப்பாக நினைப்பதில்லை. சேரியிலிருந்து வந்தவர், அந்த இடத்தில் தான் இருப்பதே பிறர் போட்ட சலுகை என்று இடைவிடாமல் உணர்த்தப்பட்டவர், அதையே ஐந்து வரிக் கெஞ்சலாக எழுதுகிறார். இரண்டு பேருக்கும் விடுப்பு விதி ஒன்றுதான்.

அந்த விதியையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியருக்கும் ஓராண்டில் 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. இதில் எதுவும் முதலாளியின் கருணை இல்லை. தற்செயல் விடுப்புக்கு ஒப்புதல் கேட்க வேண்டும், உண்மைதான். ஒப்புதல் கேட்பது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு.

இது வெறும் தொனி பற்றிய பேச்சும் அல்ல. தொழிற்சாலைகளுக்கான 1946ஆம் ஆண்டு மாதிரி நிலையாணைகள், விடுப்பின்றி அடிக்கடி வராமல் இருப்பதையும் விடுப்பின்றி 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பதையும் ஒழுங்கீனம் என்று வகைப்படுத்தின. பல நிறுவனங்களின் விதிப்புத்தகத்தில் இன்றும் அந்த வாசகத்தின் சாயல் உண்டு. மெமோ கொடுக்க நினைக்கும் நிர்வாகத்துக்கு 'மறுபடியும் லீவு போட்டுட்டேன், என் தப்புதான், மன்னிச்சிடுங்க' என்ற செய்தி நல்ல தீனி. கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் வராமல் இருந்தார் என்பது மட்டும் போதாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிறுவ வேண்டும் என்றது. மருத்துவமனை, தடைபட்ட பேருந்து, சாவு வீடு என்று நம் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் வராமல் இருந்தவர் அதைக் காரணமாக எழுத வேண்டும். தவறாக எழுதினால் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கிறார்.

சரி, எப்படி முடிப்பது? தோழரும் நானும் அதே செய்தியைத் திருப்பி எழுதினோம். "வணக்கம் சார். மகனுக்குக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். 9, 10 தேதிகளில் தற்செயல் விடுப்பு வேண்டும். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்கு, சென்ற மாத பில்களில் 25ஆம் தேதி வரை ஏற்றியாகிவிட்டது. மீதி என் மேசையில் நீலக் கோப்பில் இருக்கிறது. பில் பிரிவுத் தோழி அதை ஏற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார். அவசரம் என்றால் மதியம் 2 மணிக்கு மேல் அழைக்கலாம். 11 காலை வந்துவிடுவேன். இந்த இரண்டு நாள் வேலையைப் பகிர்ந்துகொள்வதற்கு உங்கள் இருவருக்கும் நன்றி."

கடைசி வரியைக் கவனியுங்கள். 'விடுப்பு தந்ததற்கு நன்றி' என்று அதில் இல்லை. இன்னும் தராத ஒன்றுக்கு நன்றி சொன்னால் அது மறைமுக வற்புறுத்தலாகப் படும். 'தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி' என்றும் இல்லை. அது பழைய தாழ்மையின் மறுபிறவி. யார் எந்த வேலையைச் செய்கிறார்களோ அந்த வேலைக்கு நன்றி. இன்றைக்கு அவர், நாளைக்கு நாம் என்ற சமம் அதற்குள் இருக்கிறது. மன்னிப்பில் அது கிடையாது. மன்னிப்பு கேட்டவர் 'பரவாயில்லை' என்ற பதில் வரும்வரை செல்பேசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு சாரி போகும். நன்றிக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை, செய்தி அங்கேயே முடிகிறது.

மன்னிப்பே கூடாதா? கூடும். முந்தின நாளே தெரிந்தும் காலை பத்தரைக்குத்தான் சொன்னோம், வாடிக்கையாளர் வந்து காத்திருந்து திரும்பினார் என்றால் அது நம் பிழை. 'நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்' என்று ஒரு முறை, அந்தப் பிழையின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். பிறகு அடுத்து என்ன ஏற்பாடு என்பதற்குப் போங்கள். முடிவு அப்போதும் நன்றிதான். காய்ச்சலுக்கு மன்னிப்பு கேட்காதவர் பிழைக்குக் கேட்கும் மன்னிப்புக்குத்தான் மதிப்பு இருக்கும்.

'இவனுக்கு என்ன திமிர்' என்று சொல்லும் மேலாளர்கள் இருக்கிறார்கள். இந்தச் செய்தியைப் படித்தும் சிலர் அப்படிச் சொல்லக்கூடும். அவர்களுக்குப் பழகிப்போனது கைகட்டி நிற்கும் வாக்கியம். அதற்காக வாக்கியத்தை மறுபடி குனிய வைக்க வேண்டியதில்லை. தேதி, ஒப்படைத்த வேலை, திரும்பும் நாள் மூன்றும் செய்தியில் இருந்தால், திமிர் என்று புகார் எழுதுபவர்தான் எந்தச் சொல்லில் திமிர் என்று காட்ட வேண்டியிருக்கும். செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் வராத நாளுக்குக் கூலி கிடையாது. அந்த நாளின் விலையை அவர் முழுதாகக் கட்டிவிட்டார். அப்படியிருந்தும் விடியற்காலை ஐந்து மணிக்கு மேஸ்திரிக்குக் குரல் செய்தி அனுப்பும்போது, 'சாமி, கோவிச்சுக்காதீங்க' என்று மூன்று முறை சொல்ல வைக்கிறார்கள். அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'இன்னைக்கு உடம்பு முடியல, வரல. என் தெருவை யார் பார்க்கிறாங்களோ அவங்களுக்கு நன்றி சொல்லுங்க. நாளைக்கு வந்துடுவேன்.'